இறங்க வேண்டுமென்றால் ஏற வேண்டிய ஊரில் ஓர் இரவு

தில்லியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ராமகிருஷ்ணபுரத்தில் வீடு, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் நான்கு நாள் லோதி தோட்டத்தில் ஓடுவேன், அரை மாரத்தான் இரண்டு முறை ஓடி முடித்திருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த உடற்பயிற்சிதான் என்னை ஏமாற்றியது. மூச்சு வாங்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவளுக்கு மலையில் என்ன ஆகிவிடப்போகிறது என்ற எண்ணத்தில், யாரையும் துணைக்கு அழைக்காமல், ஆறு நாள் லடாக் பயணத்துக்கு ஒரு பயண முகவரிடம் 34,000 ரூபாய் கட்டினேன். உயரத்தால் வரும் நோய்க்கும் உடல் திடத்துக்கும் தொடர்பே இல்லை என்பதையும், நன்றாக ஓடுகிறவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே சில சமயம் முதலில் வருகிறது என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

முகவர் தந்த திட்டத்தின்படி முதல் நாள் விமானத்தில் லே சென்று ஓய்வு, இரண்டாம் நாள் லேயைச் சுற்றிப் பார்த்தல், மூன்றாம் நாள் பாங்காங் ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கல், அதன் பிறகு நுப்ரா பள்ளத்தாக்கு. "ஒரு நாள் ஓய்வு போதும் மேடம், எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்" என்றார். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்பது உண்மை. அதில் கணிசமானவர்கள் அறைக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தில்லி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 215 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லே 3,500 மீட்டரில். விடியற்காலை விமானம் ஏறினால் காலைச் சிற்றுண்டிக்கு முன் இறங்கிவிடலாம். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆனால் லேயில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செல்லும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடத் தொடங்கும். அப்படி விடும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி இரத்தம் காரத்தன்மைக்கு நகரும், உடனே மூளை "போதும், மெதுவாக" என்று மூச்சை அடக்கும். சிறுநீரகங்கள் அந்தக் காரத்தைச் சிறுநீரில் கழித்துத் தள்ளினால்தான் மூச்சு தேவையான அளவுக்கு உயர முடியும், அதற்குச் சில நாட்கள் ஆகும். உடல் பழகிக்கொள்வது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த வேலைதான், இதை விமானம் செய்து தராது. அதற்கிடையில் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் விரிகின்றன, தலை வலிக்கிறது.

இறங்கியதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதுதான் முதல் பொறி. உயரத் தலைவலி இறங்கிய உடனே வருவதில்லை, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே வருகிறது. காலையில் நன்றாக இருந்ததால், ஓய்வு என்று எழுதியிருந்த அந்த நாளின் மாலையில் சாந்தி ஸ்தூபியின் படிகளை விறுவிறுவென்று ஏறினேன். இரவு ஒன்பது மணிக்கு நெற்றியின் இரு பக்கமும் இறுக்கிக் கட்டியதுபோல் வலி தொடங்கியது. குனிந்து காலணியைக் கழற்றியபோது வலி கூடியது.

காபி குடிக்காததால் வந்த வலி என்று முடிவு செய்தேன். வீட்டில் காலையும் மாலையும் ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் காபி இல்லாமல் எனக்கு நாள் நகராது. மலையில் காபி உடலின் நீரை வற்றச் செய்யும் என்று எங்கோ படித்துவிட்டு அன்று குடிக்காமல் இருந்தேன். இது இரட்டைத் தவறு. தினமும் காபி குடிக்கிறவர்கள் மலையில் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அதனாலும் தலைவலி வரும், பிறகு எந்த வலி எது என்று பிரித்தறிய முடியாது. விடுதிச் சிப்பந்தியைத் தொந்தரவு செய்து பொடிக் காபி வாங்கிக் குடித்தேன். காபி இல்லாத தலைவலி காபி உள்ளே போன ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும், இது தணியவில்லை. நெற்றியில் தைலம் தேய்த்தேன். அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்த கற்பூரத்தை முகர்ந்தேன். கற்பூரத்தால் மூக்கு திறந்ததுபோல் ஓர் உணர்வு வருமே தவிர, இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு துளியும் கூடாது. கடைசியில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். உயரத்தில் எல்லாத் தலைவலியும் ஆபத்தானது அல்ல. வெயில், தண்ணீர் குறைவு, தூக்கமின்மை, காபி என்று பல காரணங்கள் இருக்கலாம். இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டு, படுத்து எழுந்தபின் வலி முற்றிலும் போய்விட்டது, பசிக்கிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. தலைவலியோடு கூட இன்னொன்று சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். குமட்டல் அல்லது சோற்றைக் கண்டால் வெறுப்பு, ஏறாத படிக்கு ஏறியதுபோன்ற களைப்பு, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தலைவலியோடு வந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு காரணம் உறுதியாகும்வரை உயரம்தான் காரணம் என்பது மலை மருத்துவர்களின் பழைய விதி. நான் இதற்கு நேர்மாறாக, உயரம் தவிர மற்ற எல்லாக் காரணங்களையும் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சுமாராகக் கழிந்தது. மூன்றாம் நாள் காலையில் வலியோடு எழுந்தேன், ரொட்டியின் வாசனையே வயிற்றைப் புரட்டியது. அன்று காலை ஏழு மணிக்கு, அந்த விடுதியின் வரவேற்பறையில், நான் போகவில்லை என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. வெளியே பகிர்வு வண்டி நின்றது, மும்பையிலிருந்து வந்த ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்கள். கட்டிய பணம் திரும்பாது. "உடம்பு எப்படி?" என்று ஓட்டுநர் கேட்டபோது "ஒன்றுமில்லை" என்றேன். இன்னொரு வலி மாத்திரை போட்டேன், அரை மணியில் வலி மங்கியது, சரியாகிவிட்டது என்று ஏறினேன்.

வலி மாத்திரை போடுவது தவறில்லை. இருக்கும் உயரத்திலேயே இருப்பதற்காகப் போடலாம். அது தந்த தெம்பில் மேலே ஏறுவதுதான் தவறு. ஏறலாமா கூடாதா என்பதை மாத்திரையின் வேகம் அடங்கிய பிறகு, அதாவது கடைசி மாத்திரையிலிருந்து ஆறேழு மணி நேரம் கழித்து இருக்கும் நிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அறிகுறி இருக்கும்போது இரவு தங்கும் உயரத்தைக் கூட்டவே கூடாது.

லேயிலிருந்து பாங்காங் போக சாங் லா கணவாயைக் கடக்க வேண்டும். அதன் உயரம் ஏறக்குறைய 5,360 மீட்டர். உச்சியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம், பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க வேலையே இல்லை. வழியில் கழிப்பறை கிடைக்குமோ என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீரை ஏறக்குறைய தவிர்த்தும் வந்தேன். பெண்கள் பலரும் செய்வது இது. தண்ணீர் குடிப்பது உயர நோயைத் தடுக்காது, லிட்டர் கணக்கில் குடித்தால் உப்பு நீர்த்துப்போய் வேறு தொல்லை வரும். ஆனால் உடல் வற்றியிருந்தால் தலைவலி இன்னும் கூடும், எது எதனால் என்று தெரியாமலும் போகும். சிறுநீர் வெளிர் நிறமாகப் போகும் அளவுக்குக் குடித்தால் போதும்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஏரிக்கரையில் உள்ள ஸ்பங்மிக் கிராமத்தை அடைந்தோம். உயரம் ஏறக்குறைய 4,250 மீட்டர். லேயில் இரண்டே இரவு தூங்கிய உடலை ஒரேயடியாக 750 மீட்டர் மேலே கொண்டுவந்து படுக்க வைத்தேன் என்பது இதன் பொருள். 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறாமலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்கியும் போக வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் கடந்து வரும் கணவாயைவிட, இரவு எங்கே தலை சாய்க்கிறோம் என்பதே இந்தக் கணக்கில் முக்கியம்.

ஏரி நீலமாக இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நினைவில் இருப்பது கூடாரத்தின் கம்பளியில் இருந்த மண்ணெண்ணெய் வாடைதான். ஆறு மணிக்கு ஒருமுறை, எட்டு மணிக்கு ஒருமுறை வாந்தி எடுத்தேன். சாங் லா போகும் வழியில் ஒரு கடையில் வாங்கியிருந்த இரண்டு கையடக்க ஆக்ஸிஜன் டப்பாக்களை ஒன்றன்பின் ஒன்றாக முகத்தில் வைத்து உறிஞ்சினேன். ஒன்று 750 ரூபாய், பத்து லிட்டர் என்று எழுதியிருந்தது. நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். மருத்துவமனையில் பார்க்கும் நடுத்தர உருளை ஒன்றில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் வரும். அந்த டப்பா ஒரு மனச்சாந்தி, அவ்வளவுதான். கையில் அது இருக்கிறது என்ற தைரியத்தில் ஒருவர் மேலே ஏறினால் அது இல்லாமலிருப்பதே நல்லது.

தூங்கப் போனால் மூச்சு நின்று நின்று வந்தது. கண் அயர்ந்ததும் மூச்சு நின்றுபோய், பத்து வினாடி கழித்துத் திடுக்கிட்டு எழுந்து வாய்பிளந்து இழுத்தேன். செத்துவிடுவேன் என்று நினைத்தேன். உண்மையில் இது மட்டும் என்றால் பயப்பட வேண்டியதில்லை, உயரத்தில் நலமாக இருப்பவர்களுக்கும் தூக்கத்தில் இப்படி நடக்கும். இதற்காகத் தூக்க மாத்திரையோ மதுவோ எடுப்பதுதான் ஆபத்து, இரண்டும் மூச்சை மேலும் அடக்கும். அலைபேசியை எடுத்தேன். என் எண் பிரீபெய்ட். வெளிமாநில பிரீபெய்ட் எண்கள் லடாக்கில் வேலை செய்யாது என்று விமானத்தில்தான் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார், போஸ்ட்பெய்ட் எண் வேண்டும். தில்லியில் இருந்த அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட வழியில்லை. வண்டியில் வந்தவர்களை எழுப்ப வெட்கமாக இருந்தது. அவர்கள் விடுமுறையை நான் கெடுத்துவிடுவேனோ என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். தலைவலியோடு வாந்தியும் உள்ள ஒருவரை உயரத்தில் தனியாகத் தூங்க விடக் கூடாது, அந்த ஒருவர் தனியாக வந்தவராக இருந்தால் அவரே வெட்கத்தை விட்டு யாரையாவது எழுப்பியாக வேண்டும்.

இரவு ஒன்றரை மணிக்குக் கழிப்பறைக்குப் போக எழுந்தபோது கூடாரக் கயிற்றில் இடித்து விழுந்தேன். சத்தம் கேட்டு, முகாமை நடத்துகிறவர் டார்ச்சோடு வந்தார். அறுபதை நெருங்கும் லடாக்கிக்காரர், முன்னாள் படைவீரர். என்னைச் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு அழைத்துப்போய், தரையில் விரித்திருந்த கம்பளத்தின் ஓரச் சிவப்புக் கோட்டில் டார்ச் வெளிச்சத்தைப் போட்டார். "தீதி, ஒரு காலின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி, இந்தக் கோட்டின் மேல் பத்து அடி நடந்து காட்டுங்கள்" என்று இந்தியில் சொன்னார். சிறுபிள்ளை விளையாட்டுபோல் இருந்தது. முதல் மூன்று அடி சரியாக வைத்தேன். நான்காவது அடி வைத்தபோது கோடு இருந்த இடத்தில் என் கால் இல்லை, இடப்பக்கமாகப் போயிருந்தது. மீண்டும் முயன்றேன், மீண்டும் நான்காவது அடியிலேயே சாய்ந்தேன். அவர் முகம் மாறியது. "காலையில் பார்க்கலாம் என்பது இனி இல்லை" என்றார்.

அந்தப் பத்து அடி நடை என்ன சோதனை என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உயரத் தலைவலி முற்றி மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் கெடுவது பெரும்பாலும் நடையின் நிதானம்தான். அடுத்து பேச்சு தடுமாறும், யோசனை குழம்பும், பிறகு மயக்கம், அதன் பிறகு சில மணி நேரத்தில் உயிர்கூடப் போகலாம். எனவே நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, எந்த மணியாக இருந்தாலும் அந்த நிமிடமே இறங்க வேண்டும். நுரையீரலில் நீர் கோர்ப்பது இன்னொரு வகை ஆபத்து. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், உதடும் நகமும் நீலம் பாய்வது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருவது ஆகியவை அதன் அடையாளங்கள், தலைவலியே இல்லாமலும் அது வரலாம். அதற்கும் அதே உத்தரவுதான். இவை இல்லாத சாதாரண உயர நோய்க்கு இறங்க வேண்டிய அவசரம் இல்லை, மேலே ஏறாமல் அங்கேயே தங்கி ஒரு நாள் பார்க்கலாம். மாத்திரையும் ஓய்வும் இருந்தும் கூடிக்கொண்டே போனால், அல்லது ஒரு நாள் கழித்தும் குறையாவிட்டால், இறங்கிவிட வேண்டும்.

லே மருத்துவமனைக்கு உடனே போகலாம் என்று நான் அழுதேன். அந்த மனிதர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "லேவுக்குப் போக சாங் லா ஏற வேண்டும். இறங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஆயிரத்து நூறு மீட்டர் ஏறுவீர்களா?" வரைபடத்தில் லே கீழே இருக்கிறது, 3,500 மீட்டர்தான். ஆனால் போகும் பாதை முதலில் மேலே போகிறது. உடல் மோசமாக இருக்கும்போது ஆக்ஸிஜன் இல்லாமல் அந்தக் கணவாயைக் கடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவர் வண்டியைத் தாங்ட்சேவுக்குத் திருப்பச் சொன்னார். ஏரியிலிருந்து சாங் லா திசையில் வரும் பாதையில், ஏற்றம் தொடங்கும் முன்னரே, ஏறக்குறைய 3,900 மீட்டரில் இருக்கும் ஊர் அது. அங்கே அரசு சுகாதார நிலையம் இருக்கிறது. முந்நூறு மீட்டருக்குச் சற்று மேல் இறக்கம். பலருக்கு முந்நூறிலிருந்து ஆயிரம் மீட்டர் இறங்கினாலே நிலைமை திரும்பிவிடுகிறது. எங்கள் வண்டியின் ஓட்டுநர் இரவில் ஓட்ட மறுத்ததால் உள்ளூர் வண்டி ஒன்றை 8,000 ரூபாய்க்குப் பிடித்தோம். ஏரிக்கரையில் ஏடிஎம் இல்லை. பையில் பத்தாயிரம் ரூபாய் ரொக்கம் வைத்திருந்தது தற்செயல்.

சுகாதார நிலையத்தில், இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய கருவி 71 சதவீதம் காட்டியது. மார்பில் குழல் வைத்துப் பார்த்த மருத்துவர் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். ஆக்ஸிஜன் முகமூடி மாட்டி, மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் எட்டு மில்லிகிராம் ஊசி போட்டார். விரல்கருவியைப் பற்றி அவர் சொன்னது பயனுள்ளது. பலரும் ஒன்றை வாங்கி வந்து மணிக்கொரு முறை எண் பார்த்துப் பயப்படுகிறார்களாம். லேயிலேயே நலமாக இருப்பவருக்குக்கூட எண்பதுகளில் காட்டலாம், குளிர்ந்த விரலில் வைத்தால் பொய் சொல்லும். எண்ணைவிட ஆளைப் பார்க்க வேண்டும், நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், கூட இருப்பவர்களைவிட எண் மிகக் குறைவாக இருந்து ஆளும் சோர்ந்திருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு என்றார்.

விடியும்போது வலி பாதியாகக் குறைந்திருந்தது, கோட்டில் பத்து அடியும் நடந்தேன். உடனே ஏரிக்குத் திரும்பலாமா என்று கேட்டேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, கட்டிய பணம் என்னை அப்படிக் கேட்க வைத்தது. டெக்ஸாமெத்தசோன் அறிகுறிகளைத் தணிக்குமே தவிர உடலை உயரத்துக்குப் பழக்காது. மருந்தின் வேகம் இறங்கியதும் எல்லாம் திரும்பி வரும், எனவே அந்த ஊசி போட்டவர் மேலே போகக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். பகலில், ஆக்ஸிஜன் உருளை ஓடிக்கொண்டிருக்க, சாங் லாவில் நிற்காமல் கடந்து லேவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வண்டிக்கு 7,500 ரூபாய். லே அரசு மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் தில்லி விமானத்தில் ஏற்றினார்கள். தில்லியில் இறங்கி வெளியே வந்தபோது வெயில் நாற்பது டிகிரிக்கு மேல், அந்தக் கனமான காற்றை இவ்வளவு அன்போடு நான் ஒருநாளும் இழுத்ததில்லை.

புதிய விமானச் சீட்டு 9,800, இரவு வண்டி 8,000, உருளையோடு வந்த வண்டி 7,500, டப்பாக்கள் 1,500, முகவர் திருப்பித் தராத மிச்ச நாட்களின் மதிப்பு ஏறக்குறைய 14,000, ஆக 40,800 ரூபாய் வீண். மருத்துவத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், ஆனால் பத்திரத்தின் சிறிய எழுத்தில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொருந்தாது என்று இருந்தது. எடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

இந்தப் பொறி பாங்காங்குக்கு மட்டும் உரியதல்ல. மணாலியிலிருந்து சாலை வழியாக லே போகிறவர்கள் பலர் முதல் இரவோ இரண்டாம் இரவோ 4,290 மீட்டரில் உள்ள சர்சூவில் தங்குகிறார்கள். அங்கே இரவில் தலைவலி முற்றினால் மணாலிப் பக்கம் போக 4,890 மீட்டர் உள்ள பரலாச்சா லாவை ஏற வேண்டும், லே பக்கம் போனாலும் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய். இரண்டு பக்கமும் மேடு, நடுவில் நீங்கள். ஜிஸ்பாவில் 3,200 மீட்டரில் இரண்டு இரவு தங்கிவிட்டு, சர்சூவைப் பகலில் கடந்து போவது நல்லது. எந்த ஊரில் தங்குவதற்கு முன்பும் நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். இன்று இரவு இரண்டு மணிக்கு எனக்கு முடியாமல் போனால், ஏறாமல் இறங்கக்கூடிய பக்கம் எது, அங்கே ஆக்ஸிஜன் உள்ள இடம் எத்தனை கிலோமீட்டர்? பதில் தெரியாவிட்டால் அங்கே தங்குவதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் போனேன். அக்கா திட்டினாள், இருந்தாலும் அந்த ஏரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம். இம்முறை விமானத்தில் ஸ்ரீநகர், அங்கே ஓர் இரவு. பிறகு சாலை வழியாகக் கார்கிலில் ஓர் இரவு, 2,700 மீட்டர். ஆல்ச்சியில் ஓர் இரவு, 3,100. லேயில் இரண்டு இரவு. அடுத்து முகவர்கள் கடைசியில் வைக்கும் நுப்ராவை நான் முன்னால் வைத்தேன். காரணம், நுப்ராவின் ஹுண்டர் 3,100 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. அங்கே போக 5,300 மீட்டரைத் தாண்டும் கர்துங் லாவைக் கடக்க வேண்டும், ஆனால் லேயில் பழகிய உடலுக்கு நிற்காமல் கடப்பது பெரிய காரியமில்லை, தூக்கம் தாழ்வான இடத்தில்தான். ஹுண்டரில் இரண்டு இரவு தங்கிவிட்டு, ஷ்யோக் ஆற்றை ஒட்டிய பாதையில் பெரிய கணவாய் எதையும் ஏறாமல் தாங்ட்சே வந்து ஓர் இரவு, அதன் பிறகே ஸ்பங்மிக். முதல்முறை மூன்றாம் இரவில் படுத்த இடத்தில் இம்முறை ஒன்பதாம் இரவில் படுத்தேன். விடுப்புக் கிடைக்காதவர்கள் ஏரியைத் தங்காமல் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அல்லது லேயிலாவது மூன்று முழு இரவுகள் தங்கியபின் கிளம்பலாம்.

முன்பு ஒருமுறை கடுமையாக வந்திருந்ததால் தில்லி மருத்துவர் அசிட்டசோலமைடு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். காலை 125 மில்லிகிராம், இரவு 125, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, மேலே போய்ச் சேர்ந்தபின் இரண்டு நாள் வரை. சிறுநீரகம் தானாகச் சில நாட்களில் செய்யும் வேலையை இது விரைவாகச் செய்ய வைக்கிறது, வலியை மூடி மறைப்பதில்லை. விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், இரவில் கூடுதலாக ஒருமுறை எழ வேண்டியிருக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, மற்றவர்களும் ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மாத்திரை போட்டிருக்கிறேன் என்று ஏறும் வேகத்தைக் கூட்டினால் அது காப்பாற்றாது.

ஸ்பங்மிக்கில் மாலை ஏழு மணிக்கு இலேசாகத் தலை வலித்தது. தண்ணீர் குடித்து ஒரு பாராசிட்டமால் போட்டேன், எட்டரைக்குப் பசித்தது. சாப்பாட்டுக் கூடாரத்தில் அதே மனிதர், அதே கம்பளம், சிவப்பு இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, துக்பாக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே தராமல் நின்றார். கண்ணால் தரையைக் காட்டினார். குதிகால் விரலைத் தொடப் பத்து அடி நடந்து, திரும்பி, இன்னொரு பத்து அடியும் நடந்து வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.